திரித்துவத்தைப் பதின்ம வயதினருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது: உவமை எங்கே உடைகிறது?

திடப்படுத்தல் வகுப்பிலோ சண்டே ஸ்கூலிலோ திரித்துவப் பாடம் வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆசிரியர், "தண்ணீரைப் பாருங்கள், ஐஸாக இருக்கிறது, தண்ணீராக இருக்கிறது, நீராவியாகவும் இருக்கிறது, மூன்றும் ஒன்றுதானே, அதுபோலத்தான் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி" என்று சொல்வார். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது, மூன்றாம் நூற்றாண்டிலேயே திருச்சபை விசாரித்து, இது நம்முடைய விசுவாசம் இல்லை என்று தள்ளிவைத்த ஒரு கொள்கை. சொல்லிக்கொடுத்தவருக்கும் அது தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு என்றால் நானும் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பதினாலு, பதினைந்து வயதில் கதை வேறு. பள்ளியில் பக்கத்து பெஞ்சில் இருக்கும் நண்பன் "உங்களுக்கு மூணு சாமியா?" என்று கேட்கிறான், வீட்டுக்கதவைத் தட்டி வேதாகமம் பேசுகிறவர்கள் "இயேசு தேவன் இல்லை, தேவன் படைத்தவர்களில் முதல்வர்" என்கிறார்கள், இந்தப் பிள்ளையின் கையில் இருப்பதோ ஒரு ஐஸ் கட்டி உவமை மட்டும். அது அரை நிமிடம் தாங்காது.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: உவமைகளைத் தூக்கி எறிய வேண்டாம், ஆனால் அவற்றை விளக்கமாகக் கொடுக்கவும் வேண்டாம். சோதித்துப் பார்க்கும் பொருளாகக் கொடுங்கள். எந்த இடத்தில் உடைகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள். ஒவ்வொரு உவமையும் வேறு வேறு இடத்தில் உடையும், அந்த இடங்களைப் பார்க்கப் பார்க்கத்தான் திரித்துவம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது தெளிவாகும்.

உவமைக்கு முன்னால் மூன்று வாக்கியங்கள்

சோதிப்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். திரித்துவம் என்ற போதனையை மூன்று வாக்கியங்களில் எழுதிவிடலாம்.

ஒன்று: தேவன் ஒருவரே.
இரண்டு: பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் முழுமையாகத் தேவன்.
மூன்று: பிதா குமாரன் அல்ல, குமாரன் பரிசுத்த ஆவி அல்ல, பரிசுத்த ஆவி பிதா அல்ல.

இந்த மூன்றும் யாரோ மேஜையில் உட்கார்ந்து கண்டுபிடித்த தத்துவம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் வேதவசனத்தை உடனே காட்டிவிடுங்கள். முதல் வாக்கியம் உபாகமம் 6:4, "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." இயேசுவின் சீஷர்கள் எல்லாரும் சிறுவயதிலிருந்தே இதைச் சொல்லி வளர்ந்த யூதர்கள். அப்படிப்பட்ட ஒரு யூதனான தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறான் (யோவான் 20:28), இயேசு அவனைத் திருத்தவில்லை. அங்கே இரண்டாம் வாக்கியம் வந்துவிட்டது. அதே இயேசு கெத்செமனேயில், "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று பிதாவிடம் ஜெபிக்கிறார் (லூக்கா 22:42). ஜெபிக்கிறவரும் கேட்கிறவரும் வேறு வேறு, அதுதான் மூன்றாம் வாக்கியம்.

முதல் கிறிஸ்தவர்களின் நிலைமையைப் பிள்ளைகளுக்கு உணர்த்திவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அவர்களிடம் முதலில் சித்தாந்தம் இருக்கவில்லை. விட்டுக்கொடுக்க முடியாத மூன்று உண்மைகள் ஒரே நேரத்தில் கையில் இருந்தன, மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது எப்படி என்றுதான் நிசேயாவிலும் (325) கான்ஸ்டான்டிநோபிளிலும் (381) சபைத் தலைவர்கள் கூடிப் போராடினார்கள்.

'என்ன' என்ற கேள்வியும் 'யார்' என்ற கேள்வியும்

மூன்று வாக்கியங்களையும் பலகையில் எழுதியதும் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "ஒண்ணுன்னும் சொல்றீங்க, மூணுன்னும் சொல்றீங்க, எது சரி?" நல்ல கேள்வி. ஒரே விஷயத்தை ஒன்று என்றும் மூன்று என்றும் சொன்னால் அது முரண்பாடுதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் திரித்துவம் அப்படிச் சொல்லவில்லை. 'தேவன் என்ன?' என்று கேட்டால் ஒரே பதில்தான், ஒரே தெய்வத் தன்மை. 'அந்தத் தன்மையில் இருக்கிறவர் யார்?' என்று கேட்டால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பதில்கள். எண்ணப்படுவது வேறு வேறு என்பதால் முரண்பாடு இல்லை.

இங்கே இரண்டு சொற்களை மட்டும் விளக்கிவிட்டால் போதும். தன்மை என்றால் ஒன்று எதுவாக இருக்கிறதோ அது, அதாவது 'என்ன' என்பதற்கான பதில். ஆள் என்றால் 'நான்' என்றும் 'நீர்' என்றும் பேசக்கூடிய, நேசிக்கக்கூடிய ஒருவர், 'யார்' என்பதற்கான பதில். 'ஆள்' என்றதும் உடம்போடு தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் மூன்று பேரைக் கற்பனை செய்ய வேண்டாம் என்று உடனேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கற்பனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்தது: தேவன் ஒருவர், மூவரும் முழுமையாகத் தேவன், மூவரும் ஒருவருக்கொருவர் வேறானவர்கள். ஒன்று என்பது தன்மையில், மூன்று என்பது ஆட்களில். இனி எந்த உவமை வந்தாலும் மூன்று வாக்கியங்களில் எதை இது உடைக்கிறது என்று கேட்கலாம்.

தண்ணீர்: உவமைகளிலேயே அதிகம் சொல்லப்படுவது

ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஃப்ரீசரில் வைத்தால் ஐஸ், அடுப்பில் வைத்தால் நீராவி. மூன்றிலும் பொருள் ஒன்றே, H₂O. முதல் வாக்கியம் தாங்குகிறது, ஒரே பொருள். இரண்டாவதும் தாங்குகிறது, ஐஸும் முழுக்க H₂O, நீராவியும் முழுக்க H₂O. இதனால்தான் இந்த உவமை இவ்வளவு பிரபலமாக இருக்கிறது, மூன்றில் இரண்டைத் தாங்குகிறது.

மூன்றாம் வாக்கியத்தில்தான் உடைகிறது. அந்தத் தம்ளர் தண்ணீர் ஐஸாக இருக்கும்போது நீராவியாக இல்லை. நீராவி ஆகிவிட்டால் ஐஸ் போய்விட்டது. ஒரே பொருள் மூன்று வேஷம் மாற்றுகிறது, அவ்வளவுதான். இதைத் தேவனுக்குப் பொருத்தினால், ஒரே ஆள் பழைய ஏற்பாட்டில் பிதாவாகவும், பெத்லகேமில் குமாரனாகவும், பெந்தெகொஸ்தே நாளுக்குப் பிறகு ஆவியாகவும் தோன்றினார் என்று ஆகிவிடும். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் போதித்த சபேலியஸ் என்பவரோடு சேர்த்துச் சொல்லப்படும் கொள்கை இதுதான். இதற்கு மோடலிசம் என்று பெயர், அதாவது மூவரும் ஒரே ஆளின் மூன்று தோற்றங்கள் மட்டுமே என்று சொல்வது. இது செத்துப்போன பழைய சங்கதி என்று நினைக்க வேண்டாம். இன்றும் 'இயேசுவின் நாமத்தில் மட்டும்' ஞானஸ்நானம் கொடுக்கும் ஒருமைத்துவ பெந்தெகொஸ்தே சபைகள் கிட்டத்தட்ட இதே கருத்தை வெளிப்படையாகவே போதிக்கின்றன.

"ஒரே மனுஷன் வீட்டுல அப்பா, ஆபீஸ்ல மேனேஜர், அவங்க அம்மாவுக்கு மகன்" என்ற உவமையும் இதே இடத்தில்தான் உடைகிறது. அதில் இருப்பது ஒரு ஆள், மூன்று உறவுகள்.

இதை ஏன் ஏற்க முடியாது என்பதற்குப் பிள்ளைகளை மத்தேயு 3:16, 17-ஐத் திறக்கச் சொல்லுங்கள். யோர்தானில் இயேசு தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி புறாவைப் போல இறங்குகிறார், "இவர் என்னுடைய நேச குமாரன்" என்று வானத்திலிருந்து சத்தம் வருகிறது. மூவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கிறார்கள். மோடலிசம் சரி என்றால் இயேசு தன் குரலைத் தானே வானத்திலிருந்து அனுப்பி, தன்னையே மகன் என்று சொல்லிக்கொள்கிறார் என்று ஆகும். யோவான் 17:5 இன்னும் கூர்மையானது. உலகம் உண்டாவதற்கு முன்பே பிதாவிடத்தில் தமக்கு இருந்த மகிமையைப் பற்றி இயேசு பேசுகிறார், ஆக அந்த உறவு பெத்லகேமில் தொடங்கிய ஒன்று இல்லை, படைப்புக்கு முன்பே இருக்கிறது.

இங்கே பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் படிக்கும் பிள்ளை ஒன்று கை தூக்கும். "ஆனா தண்ணீருக்கு மும்மைப் புள்ளி இருக்கே!" உண்மைதான், அந்தப் பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும். மும்மைப் புள்ளி என்பது ஒரு பொருளின் திட, திரவ, வாயு நிலைகள் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து இருக்கக்கூடிய வெப்பநிலையும் அழுத்தமும். தண்ணீருக்கு அது 0.01 டிகிரி செல்சியஸ், அழுத்தம் சுமார் 611 பாஸ்கல், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மூடிய கண்ணாடிக் கலத்தில் அந்த நிலையை உருவாக்கினால் ஐஸ், தண்ணீர், நீராவி மூன்றும் கூடவே இருக்கும். அப்போ வேஷம் மாற்றும் பிரச்சினை தீர்ந்ததா?

அந்தப் பிரச்சினை தீர்ந்தது, வேறொன்று வந்துவிட்டது. அந்தக் கலத்துக்குள் ஏதாவது ஒரு கணத்தை நிறுத்திப் பாருங்கள். ஐஸில் இருக்கும் மூலக்கூறு ஐஸில் இருக்கிறது, அதே மூலக்கூறு அதே கணத்தில் நீராவியில் இல்லை. மொத்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஐஸ், ஒரு பகுதி திரவம், ஒரு பகுதி ஆவி. அதாவது தேவனில் மூன்றில் ஒரு பங்கு பிதா, இன்னொரு பங்கு குமாரன் என்பது போல. இரண்டாம் வாக்கியம், ஒவ்வொருவரும் முழுமையாகத் தேவன் என்பது, இப்போது உடைந்துவிட்டது. ஒரு ஓட்டையை அடைக்கப் போனால் இன்னொரு பக்கம் ஒழுகுகிறது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை, அதனால் எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை என்றாலும் நீங்களே மும்மைப் புள்ளியைக் கொண்டுவாருங்கள்.

முட்டை, மூவிலை: பங்கு பிரிக்கும் உவமைகள்

இதில் நேரம் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. ஓடு, வெள்ளைக்கரு, மஞ்சள்கரு மூன்றும் சேர்ந்தால் ஒரு முட்டை. ஆனால் ஓடு மட்டும் முட்டை இல்லை. அயர்லாந்தின் பேட்ரிக் மூன்று இலை கொண்ட ஷாம்ராக் செடியைக் காட்டிப் போதித்தார் என்ற கதையும் இதே வகை, ஒரு சிற்றிலை முழு இலை ஆகாது. (அந்தக் கதையே பேட்ரிக்கின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னால்தான் எழுத்தில் வருகிறது. அவர் எழுதிவைத்த தன்வரலாற்றில் திரித்துவ அறிக்கை இருக்கிறது, இலை இல்லை.) இப்படித் தேவனைத் துண்டுகளாக நினைப்பதை இன்று பகுதிவாதம் என்று சொல்லலாம். இயேசுவைப் பார்த்தவர்கள் தேவனில் ஒரு பகுதியைப் பார்த்தார்கள் என்று விசுவாசப் பிரமாணம் எங்கேயும் சொல்லவில்லை, மெய்த்தேவன் என்றே அவரை அழைக்கிறது.

சுருக்கமாக: தண்ணீர் நிலை மாறினால் 'மூவரும் வேறானவர்கள்' உடைகிறது. தண்ணீரோ முட்டையோ பங்கு பிரிந்தால் 'ஒவ்வொருவரும் முழுமையாகத் தேவன்' உடைகிறது.

மூன்று மனிதர்கள்: இன்னொரு பக்கம் விழுவது

சரி, மூவரையும் வேறுபடுத்தவும் வேண்டும், ஒவ்வொருவரும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்றால், பேதுரு, யாக்கோபு, யோவான் என்று மூன்று பேரை எடுத்துக்கொள்ளலாமே? மூவருக்கும் மனிதத் தன்மை ஒன்றே. ஒவ்வொருவரும் முழு மனிதன், யாரும் மனிதத்தில் மூன்றில் ஒரு பங்கு இல்லை. பேதுரு யோவான் அல்ல. இரண்டாம், மூன்றாம் வாக்கியங்கள் அருமையாகத் தாங்குகின்றன. முதலாவது உடைகிறது, ஏனென்றால் அங்கே இருப்பது மூன்று மனிதர்கள், ஒரு மனிதன் இல்லை. இது மூன்று தெய்வக் கொள்கையில் முடியும்.

நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள நிசா ஊரின் பிஷப் கிரகோரியிடம் அபிளாபியுஸ் என்பவர் இதே கேள்வியைத்தான் கேட்டார்: பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மூன்று மனிதர்கள் என்கிறோம், பிதா, குமாரன், ஆவியை ஏன் மூன்று தேவர்கள் என்று சொல்லக் கூடாது? கிரகோரி தந்த பதிலில் ஒரு பகுதி பதின்ம வயதினருக்கு நன்றாகவே புரியும். மனிதர்கள் ஒரே தொழிலைச் செய்தாலும் தனித்தனியாகச் செய்கிறார்கள், மூன்று விவசாயிகள் மூன்று வயலை உழுகிறார்கள். தேவனுடைய செயல் அப்படிப் பிரிவதில்லை. எந்தச் செயலும் பிதாவிடமிருந்து தொடங்கி, குமாரன் வழியாக வந்து, பரிசுத்த ஆவியில் நிறைவேறுகிறது. மூன்று செயல்கள் இல்லை, ஒரே செயல்.

இது தெரிந்திருந்தால் வகுப்பில் அடிக்கடி விழும் இன்னொரு தவறையும் பிடித்துவிடலாம். "பிதா படைக்கிறார், குமாரன் மீட்கிறார், ஆவி பரிசுத்தமாக்குகிறார்" என்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது. மனப்பாடம் செய்ய வசதிதான், ஆனால் "சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று" என்று யோவான் 1:3 குமாரனைப் பற்றிச் சொல்கிறது, ஆதியாகமம் 1:2-இல் ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடுகிறார். படைப்பு மூவரின் செயல். நம் ஊரில் மும்மூர்த்திகளோடு ஒப்பிட்டுக் கேட்கும் கேள்விக்கும் இங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும். படைத்தல், காத்தல், அழித்தல் என்று தொழில் வாரியாக மூவரைப் பார்ப்பது அந்த மரபில் பரவலாகச் சொல்லப்படும் முறை, திரித்துவம் தொழிலை வைத்து மூவரைப் பிரிப்பதில்லை. அவ்வளவு சொன்னால் போதும். அடுத்தவர் நம்பிக்கையை நாம் விளக்கப் போவதை விட, அந்த நண்பனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்வது நல்லது.

சூரியனும் ஒளியும்: கொஞ்ச தூரம் கூட வரும் உவமை

தொழிலை வைத்துப் பிரிக்கவில்லை, தன்மையும் ஒன்றே என்றால் மூவரையும் எதை வைத்து வேறுபடுத்துகிறோம்? ஒருவரோடொருவர் உள்ள உறவை வைத்துத்தான். பிதா யாரிடமிருந்தும் வராதவர், குமாரன் பிதாவிடமிருந்து பிறந்தவர், ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறவர். (ஆவியானவர் குமாரனிடமிருந்தும் புறப்படுகிறாரா என்பதில் கிழக்குச் சபைகளுக்கும் மேற்குச் சபைகளுக்கும் பழைய கருத்து வேறுபாடு உண்டு, பதினைந்து வயது வகுப்பில் அதைத் திறக்க வேண்டாம்.)

உடனே வரும் கேள்வி: "பிறந்தார்னா, பிறக்கறதுக்கு முன்னாடி இல்லைதானே? அப்பா மகனைவிட மூத்தவர்தானே?" அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியுஸ் எழுப்பிய வாதம் இதேதான். குமாரன் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது, ஆகவே குமாரன் படைக்கப்பட்டவர், எல்லாப் படைப்புகளிலும் உயர்ந்தவர், ஆனாலும் படைப்பு என்றார். இது இரண்டாம் வாக்கியத்தை உடைக்கிறது. 325-இல் பேரரசன் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கம் இதை மறுத்து, குமாரன் படைக்கப்பட்டவர் இல்லை, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டது. நாம் ஆராதனையில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தின் அந்த வரிகள் எல்லாம் இந்த ஒரு வழக்கின் தீர்ப்புதான். அடுத்த ஞாயிறு அதைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு அது வேறு மாதிரி கேட்கும்.

அந்தப் பிரமாணமே ஒரு உவமையைப் பயன்படுத்துகிறது, ஒளியிலிருந்து ஒளி. எபிரெயர் 1:3-உம் குமாரனைப் பிதாவுடைய "மகிமையின் பிரகாசம்" என்கிறது. சூரியனிலிருந்துதான் ஒளி வருகிறது, ஆனால் ஒளி வீசாத சூரியன் என்று முதலில் ஒன்று இருந்து பிறகு ஒளி வந்ததாக நாம் நினைப்பதில்லை. ஆகவே, 'ஒருவரிடமிருந்து வருவது' என்றால் 'அவருக்குப் பின்னால் வருவது' என்றுதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆரியுஸின் வாதத்தில் இருந்த ஓட்டை அதுதான், இந்த உவமை அந்த ஒரு ஓட்டையைக் காட்டத்தான் வந்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

அதற்கு மேல் இழுத்தால் இதுவும் உடையும். ஒளி பூமிக்கு வந்து சேர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று ஒரு பிள்ளை சொல்லும். அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கலைக் காட்டியவர் நசியான்சு ஊரின் கிரகோரி, நிசாவின் கிரகோரிக்கு நண்பர். 380 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் பிரசங்கித்தபோது ஊற்று, நீரோடை, ஆறு என்ற உவமையையும் சூரியன், கதிர், ஒளி என்ற உவமையையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார். சூரியன் ஒரு பொருள், கதிர் அந்தப் பொருளிலிருந்து வெளிப்படும் ஒன்று. அப்படியானால் பிதா மட்டுமே உண்மையான ஆள், குமாரனும் ஆவியும் அவரிடமிருந்து வெளிப்படும் வல்லமைகள் மட்டும் என்று ஆகிவிடுமே என்பதுதான் அவர் பயம். கதிர் சூரியனைப் பார்த்து 'நீர்' என்று சொல்லாது. குமாரன் பிதாவைப் பார்த்துச் சொல்கிறார்.

திரித்துவத்துக்காக வாழ்நாள் முழுக்கப் போராடிய ஒருவரே உவமைகளை இப்படிக் கீழே வைத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உவமை உடைந்தால் விசுவாசம் உடைந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை என்பது அவர்களுக்கு அப்போது தானாகப் புரியும்.

இதுவரை: மூன்று மனிதர்கள் 'தேவன் ஒருவர்' என்பதை உடைக்கிறார்கள். சூரிய ஒளி, 'பிறந்தவர்' என்றால் 'பிந்தியவர்' இல்லை என்பதைக் காட்டுகிறது, ஆனால் குமாரனை ஆளாகக் காட்டத் தவறுகிறது.

வகுப்பை எப்படி நடத்துவது

மூன்று வாக்கியங்களையும் பலகையின் ஒரு ஓரத்தில் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காதீர்கள். பிறகு பிள்ளைகளிடம், இதுவரை திரித்துவத்துக்குக் கேட்ட உவமைகளைச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர், முட்டை, அப்பா-மேனேஜர், மூன்று திரி விளக்கு என்று வரும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்குக் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த வாக்கியத்தை உடைக்கிறது, எந்த வசனம் அதைக் காட்டிக்கொடுக்கிறது? வசனம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வெறும் மூளை விளையாட்டாகப் போய்விடும். இரண்டு வாக்கியம் உடைகிறது என்று ஒரு குழு வாதாடினால் வாதாட விடுங்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். கொள்கைகளின் பெயர்களைக் கடைசியில் சொன்னால் போதும், பெயரை முதலில் கொடுத்தால் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள்.

அப்புறம் கேடயப் படத்தை வரையலாம். இது மத்திய கால ஐரோப்பாவிலிருந்து வருகிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, நடுவில் தேவன். மூலையிலிருந்து நடுவுக்குப் போகும் கோடுகளில் 'ஆவார்', மூலைக்கு மூலை போகும் கோடுகளில் 'அல்ல'. இதை நான் விரும்புவதற்குக் காரணம், தேவன் எதைப் போல இருக்கிறார் என்று இது சொல்ல வருவதே இல்லை, மூன்று வாக்கியங்களையும் கோடாகப் போடுகிறது, அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: நடுவட்டத்தைப் பார்த்துவிட்டு, தேவன் என்று நான்காவதாக ஒருவர் இருக்கிறார் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. "நடுவில் இருப்பது 'யார்' இல்லை, 'என்ன'" என்று வரையும்போதே சொல்லிவிடுங்கள்.

1+1+1=3 தானே, எப்படி 1 ஆகும் என்ற கேள்விக்கு, "கூட்டாதே, பெருக்கு, 1×1×1=1" என்று பதில் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கைதட்டல் வாங்கும், ஆனால் வேண்டாம். கணக்கு தெரிந்த பிள்ளை 1×1×1×1-உம் 1 தான், அப்போ ஏன் நான்கு இல்லை என்று கேட்கும், நம்மிடம் பதில் இருக்காது. நேராகச் சொல்லுங்கள்: தேவர்களை எண்ணினால் ஒன்று, ஆட்களை எண்ணினால் மூன்று, இரண்டையும் ஒரே கணக்கில் கூட்டவில்லை. அந்த மூவர் எப்படி ஒரே தேவனாக இருக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்க நமக்கு வழி இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், பதினைந்து வயதுப் பிள்ளை அந்த நேர்மையை மதிக்கும்.

புரிந்ததா என்று தெரிந்துகொள்வது

பரீட்சை வைத்தால் எல்லாரும் மூன்று வாக்கியத்தையும் எழுதிவிடுவார்கள். உண்மையில் புரிந்ததா என்பது ஜெபத்தில் தெரியும். ஒரு பிள்ளையை முடிவு ஜெபம் செய்யச் சொல்லுங்கள். "அன்பின் பரலோகப் பிதாவே, நீர் எங்களுக்காகச் சிலுவையில் மரித்ததற்காக நன்றி" என்று சொன்னால், தண்ணீர் உவமை இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். சிலுவையில் மரித்தவர் குமாரன், பிதா இல்லை. 213 வாக்கில் கார்த்தேஜ் ஊரின் தெர்த்துல்லியன், மோடலிசத்தைப் போதித்த பிரக்சேயாஸ் என்பவரை எதிர்த்து எழுதியபோது, பிரக்சேயாஸ் பிதாவையே சிலுவையில் அறைந்துவிட்டார் என்று கடுமையாகச் சாடினார். பெரியவர்கள் ஜெபத்திலும் இந்த வாக்கியம் சாதாரணமாக வருகிறது, பிள்ளைகள் அங்கிருந்துதான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஜெபத்தின் நடுவில் திருத்த வேண்டாம், பிறகு அந்தப் பிள்ளை வாயே திறக்காது. அடுத்த வாரம் எபேசியர் 2:18-ஐ வாசிக்கச் சொல்லி, அந்த வசனத்தில் யாரிடத்தில் சேருகிறோம், யார் மூலமாய்ச் சேருகிறோம், யாராலே சேருகிறோம் என்று கேளுங்கள். பிதாவினிடத்தில், குமாரன் மூலமாய், ஒரே ஆவியினாலே. இயேசுவிடமும் ஆவியானவரிடமும் நேராக ஜெபிக்கலாமா என்று கேட்டால், தாராளமாக ஜெபிக்கலாம், மூவரும் முழுமையாகத் தேவன் என்பதால்தான் அது சரி. ஆனால் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும். பிறகு அதே பிள்ளையிடம், பிதாவுக்கு ஒரு வாக்கியம், குமாரனுக்கு ஒரு வாக்கியம், ஆவியானவருக்கு ஒரு வாக்கியம் என்று தானே ஒரு நன்றி ஜெபம் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிலுவைக்கான நன்றி எந்த வாக்கியத்தில் வருகிறது, "உம்முடைய குமாரனை அனுப்பினீரே" என்பது எந்த வாக்கியத்தில் வருகிறது என்று பாருங்கள்.